இடக்கைக் கதவா, வலக்கைக் கதவா: கைப்பிடி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: புது வீட்டில் படுக்கையறைக் கதவு ஹாலிலிருந்து உள்ளே தள்ளித் திறப்பது. ஹாலில் நின்று பார்த்தால் கீல் இடப்பக்கம். ஒரு இணையக் கடையின் படத்தின்படி இது இடக்கைக் கதவு, இன்னொரு கடையின் படத்தின்படி வலக்கைக் கதவு. எதை நம்பி ஆர்டர் செய்வது? அதோடு, லீவர் ஹேண்டில் போடலாமா, உருண்டை நாப் போடலாமா? வீட்டில் மூட்டுவலி உள்ள அம்மாவும் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறார்கள்.

பதில்: நீங்கள் பார்த்த இரண்டு படங்களும் சரியானவைதான். அவை ஒரே கதவைப் பற்றி வெவ்வேறு இடத்தில் நின்றுகொண்டு பேசுகின்றன. கட்டடங்களுக்குக் கதவு, கீல், பூட்டு ஆகியவற்றின் அட்டவணை தயாரிக்கும் வேலையில் நெடுங்காலமாக இருக்கிறேன். தவறான பக்கத்துக்கு வந்து திருப்பி அனுப்பப்படும் பூட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு வாங்குபவரின் கவனக்குறைவு காரணமல்ல, இந்தக் குழப்பமே காரணம் என்பது என் அனுபவம். ஆகவே முதலில் பக்கத்தை முடிவு செய்துவிட்டு, பிறகு லீவருக்கும் நாபுக்கும் வருகிறேன்.

அமெரிக்க வழக்கில், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் என்பது சாவி போடும் பக்கம். தலைவாசலுக்குத் தெரு, அறைக்கு ஹால், குளியலறைக்கு, எந்த அறையிலிருந்து அதற்குள் நுழைகிறோமோ அந்த அறை. அங்கே நின்று பார்க்கும்போது கீல் இடப்பக்கம் இருந்து, கதவு நம்மைவிட்டு விலகி உள்ளே போனால் அது இடக்கை. கீல் வலப்பக்கம் இருந்தால் வலக்கை. அதே வெளிப்பக்கத்தில் நிற்கும்போது கதவு நம்மை நோக்கித் திறந்தால், பெயரோடு 'ரிவர்ஸ்' என்ற சொல் சேர்ந்துகொள்ளும். பொருள் விவரத்தில் LH, RH, LHR, RHR என்று நான்கு குறிகள் இருந்தால், அந்தக் கடை பெரும்பாலும் இந்த வழக்கைப் பின்பற்றுகிறது என்று கொள்ளலாம். ஜெர்மானிய வழக்கு, அதாவது டின் 107 என்ற தரநிலையின் வழக்கு, வெளியே எது உள்ளே எது என்று கேட்பதே இல்லை. கதவு எந்தப் பக்கத்தில் நம்மை நோக்கி வருகிறதோ அந்தப் பக்கத்தில் நிற்க வேண்டும். சாதாரணக் கீல் போட்ட கதவில் கீலின் உருளை கண்ணுக்குத் தெரியும் பக்கம் அதுதான். அங்கே நின்று கீல் இடப்பக்கம் தெரிந்தால் டின் இடம், வலப்பக்கம் தெரிந்தால் டின் வலம். ஐரோப்பியப் பூட்டுகளும் அவற்றின் அமைப்பை ஒட்டிச் செய்யப்பட்ட பூட்டுகளும் இந்த முறையில் விற்கப்படுகின்றன. நம் ஊர்க் கடைகளில் இரண்டு வழிப் பொருள்களும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. கடைக்காரருக்கே அந்த வேறுபாடு தெரியாமல் இருப்பதும் உண்டு.

இப்போது உங்கள் படுக்கையறைக் கதவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க முறைப்படி நீங்கள் ஹாலில் நிற்கிறீர்கள், கீல் இடப்பக்கம், கதவு உள்ளே போகிறது, எனவே இடக்கை. ஜெர்மானிய முறைப்படி கதவு நம்மை நோக்கி வரும் பக்கம் அறையின் உட்புறம். நீங்கள் அறைக்குள் போய்த் திரும்பி நின்று கதவைப் பார்த்தால், ஹாலிலிருந்து இடப்பக்கம் தெரிந்த அதே கீல் இப்போது வலப்பக்கம் தெரியும். எனவே டின் வலம். வெளியிலிருந்து உள்ளே தள்ளித் திறக்கும் எந்தக் கதவுக்கும் இந்த இரண்டு பெயர்களும் இப்படி நேர் எதிராகவே வரும். வெளியே இழுத்துத் திறக்கும் கதவுக்கு அப்படி வராது. படுக்கையறையை நோக்கித் திறக்கும் ஒரு குளியலறைக் கதவு, படுக்கையறையில் நின்று பார்த்தால் கீல் வலப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பெயர் வலக்கை ரிவர்ஸ், ஜெர்மானியப் பெயர் டின் வலம். 'வலம்' என்ற சொல்லில் இரண்டும் ஒத்துப்போகின்றன. உள்ளே திறக்கும் கதவுகளுக்கு மட்டும் கடைக்குக் கடை விடை மாறுவது இதனால்தான்.

உங்கள் கடை எந்த வழக்கில் பேசுகிறது என்பதை 'இடக்கை' என்ற சொல்லை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. எனவே அந்தச் சொல்லையே தவிர்த்துவிட்டு எழுதுங்கள் என்பதே நான் கொடுக்கும் ஆலோசனை. ஆர்டரின் குறிப்பிலோ கடைக்கு அனுப்பும் செய்தியிலோ இப்படி எழுதலாம்: "ஹாலில் நின்று மூடிய கதவைப் பார்க்கிறேன். கீல் என் இடப்பக்கம். கதவு என்னைவிட்டு விலகி அறைக்குள் திறக்கிறது. சாவித்துளை ஹால் பக்கம், திருகிப் பூட்டும் குமிழ் அறைப் பக்கம் வேண்டும்." நிற்கும் இடம், கீலின் பக்கம், திறக்கும் திசை, சாவியின் பக்கம் ஆகிய நான்கும் அதில் அடங்கிவிட்டன, இதைப் படித்து எந்த வழக்கைச் சேர்ந்தவரும் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியும். ஹாலில் நின்று பாதி திறந்த கதவைப் படம் எடுத்து இணைத்தால் இன்னும் நல்லது. கட்டட வரைபடத்தில் கதவுக்கு வரைந்திருக்கும் வளைவை மட்டும் நம்பி ஆர்டர் செய்ய வேண்டாம். மின்விசைப் பலகை இருக்கும் சுவரைப் பார்த்தோ கட்டில் இடிக்கும் என்றோ ஆசாரி கடைசி நேரத்தில் கீலை மறுபக்கம் மாற்றுவது சாதாரணமாக நடக்கும். நிலையில் கீலுக்கு வெட்டிய பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நேரில் பார்த்த பிறகு எழுதுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, உங்கள் கதவுக்குப் பக்கம் பார்த்து வாங்க வேண்டிய தேவையே இல்லாமல் போகவும் கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். லீவர் கைப்பிடி கதவின் இருபுறத்திலும் கீலை நோக்கியே நீண்டிருக்கும். உங்கள் கதவில் ஹால் பக்கத்துக் கைப்பிடி இடப்பக்கம் நீளும், அறைப் பக்கத்தில் நின்று பார்த்தால் மற்றது வலப்பக்கம் நீளும். ஆக, எந்தக் கதவாக இருந்தாலும் ஒரு ஜோடியில் இடம் நோக்கியது ஒன்றும் வலம் நோக்கியது ஒன்றுமாகத்தான் இருக்கும். கதவு எதிர்க் கையாக இருந்தால் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டால் முடிந்தது. இரு கைப்பிடிகளும் ஒரே மாதிரி இருந்து, சாவித்துளை வட்டமும் உள்தாழ்க் குமிழும் தனித்தனித் துண்டுகளாக வரும் அமைப்பில் இடம், வலம் என்ற கேள்வியே எழாது. சிலவற்றில் கைப்பிடியின் கழுத்தில் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் தளர்த்திக் கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

இரு பக்கமும் வேறுவேறாக இருக்கும்போதுதான் பக்கம் முக்கியமாகிறது. நீளத் தகட்டோடு சேர்ந்த குளியலறைக் கைப்பிடியில் உள்தாழ்க் குமிழ் ஒரு தகட்டிலேயே பதிந்திருக்கும்; அதை வெளியே மாற்ற வழியில்லை. வெளியே எண் பலகையும் உள்ளே மின்கலப் பெட்டியும் கொண்ட டிஜிட்டல் பூட்டும் அப்படியே. அவற்றுள் பல, திருகை மாற்றிப் பக்கம் திருப்பும் வசதியோடு வருகின்றன என்றாலும், பொருத்துவதற்கு முன் அதை எப்படித் திருப்புவது என்று கையேட்டில் படித்தே ஆக வேண்டும். இன்னொன்று தலைவாசலுக்குப் பொருந்தும். கதவை ஊடுருவிச் செல்லும் திருகுகள் கொண்ட கைப்பிடிகளில், திருகின் தலை ஒரு தகட்டில் மட்டுமே தெரியும். பக்கம் மாற்றிப் போட்டால் அந்தத் தலைகள் தெருப்பக்கம் வந்து, ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வருபவருக்கு வேலையை எளிதாக்கிவிடும். படுக்கையறையில் இது ஒரு பொருட்டல்ல.

கைப்பிடியைவிடப் பூட்டுக்குள் இருக்கும் லாட்ச் நாக்குதான் பக்கத்தை அதிகம் சார்ந்தது. கதவின் விளிம்பிலிருந்து நீளும் அந்த நாக்கின் ஒரு முகம் சரிவாகவும் மறுமுகம் தட்டையாகவும் இருக்கும். கதவு மூடும்போது நிலையில் உள்ள தகட்டின் மீது முதலில் சரிவுதான் மோத வேண்டும். அப்போதுதான் நாக்கு உள்ளே அமுங்கிப் பின் தகட்டின் துளைக்குள் துள்ளி விழும். அதாவது, சரிவு எப்போதும் கதவு மூடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் படுக்கையறைக் கதவு ஹாலை நோக்கி மூடுவதால், சரிவு ஹால் பக்கம் இருக்க வேண்டும். மாறிப்போனால் கண்டுபிடிப்பது எளிது: கதவைத் தள்ளினால் தட்டை முகம் தகட்டில் முட்டி நின்றுவிடும், ஒவ்வொரு முறையும் கைப்பிடியை அழுத்திக்கொண்டே மூட வேண்டியிருக்கும். இதைப் பார்த்துவிட்டு நிலைத் தகட்டின் ஓரத்தை அரத்தால் ராவித் தேய்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அதனால் பயன் இல்லை. நாக்கைத் திருப்புவதே தீர்வு. குழாய் வடிவ லாட்சை அப்படியே மேல்கீழாக அரைவட்டம் திருப்பிச் செருகலாம். பெட்டி வடிவ மார்ட்டைஸ் பூட்டில், மாடலைப் பொறுத்து, நாக்கை வெளியே இழுத்துத் திருப்பிவிடலாம், அல்லது பெட்டியின் பக்கத்தில் உள்ள திருகைக் கழற்ற வேண்டும், அல்லது பெட்டியையே திறக்க வேண்டும். 'இருபக்கமும் பொருந்தும்' என்று விவரத்தில் எழுதியிருந்தால் இந்த வசதியைத்தான் குறிக்கிறார்கள். பொருத்துவதற்கு முன் நீங்கள் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதை அவர்கள் எழுதுவதில்லை. கதவில் பள்ளம் தோண்டிப் பூட்டை இறக்கிய பிறகு இதைச் செய்வது வீண் அலைச்சல்.

நிலையில் பதிக்கும் தகட்டையும் ஒரு முறை பாருங்கள். அதன் ஓரத்தில் நாக்கை வரவேற்க ஒரு சிறு வளைவு இருக்கும். லாட்ச் மட்டும் உள்ள பூட்டானால் தகட்டைத் தலைகீழாகத் திருப்பி வளைவை வேண்டிய பக்கம் கொண்டுவரலாம். மேலே லாட்சும் கீழே சாவியால் நகரும் தாழும் உள்ள பூட்டில் அது இயலாது. தலைகீழாக்கினால் துளைகளின் இடம் மாறிவிடும். அந்த வகைப் பூட்டுக்குப் பெட்டிக்குள் இருக்கும் தகடு உங்கள் பக்கத்துக்கு உரியதா என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உருண்டை நாபுக்குத் திசை கிடையாது. கைப்பிடி அளவில் அதற்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. ஆனால் அந்த ஒரு வசதிக்காக அதை உங்கள் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வழக்கமான நாபின் விட்டம் 50 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். அச்சிலிருந்து 25 மில்லிமீட்டர் தொலைவில்தான் உங்கள் விரல்கள் வேலை செய்கின்றன. லீவரில் அச்சிலிருந்து சுமார் 100 மில்லிமீட்டர் தள்ளி அழுத்துகிறோம். ஒரே பூட்டின் ஒரே ஸ்பிரிங்கைத் திருப்ப, லீவருக்கு நாபில் கால்பங்கு விசை போதும். விசையைவிட அதைச் செலுத்தும் விதம்தான் பெரிய வேறுபாடு. நாபை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டைத் திருக வேண்டும். விரல் மூட்டு வீங்கிய ஒருவருக்கு வலி தரும் அசைவு அதுதான். சோப்பு நுரையோடு நாபைப் பிடித்தால், ஆரோக்கியமான கையே வழுக்கும். லீவரை உள்ளங்கையால், புறங்கையால், இரு கையிலும் சாமான் இருந்தால் முழங்கையால் அழுத்திவிடலாம். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 2010-ஆம் ஆண்டுக் கட்டடத் தரநிலை, அது பொருந்தும் கதவுகளின் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமலும் மணிக்கட்டைத் திருகாமலும் ஒரே கையால் இயக்க முடிய வேண்டும் என்கிறது. உருண்டை நாப் அந்த விதியில் தேறாது. கனடாவின் வான்கூவர் நகரம் 2013-இல் தன் கட்டட விதிகளைத் திருத்தி, புதிதாகக் கட்டும் வீடுகளிலும் லீவர் கைப்பிடியையே கேட்கத் தொடங்கியது.

நாபுக்கு எதிரான இன்னொரு காரணம் அளவு சார்ந்தது, பலரும் அதைப் பொருத்திய பிறகே உணர்கிறார்கள். கதவின் விளிம்பிலிருந்து கைப்பிடியின் அச்சு வரை உள்ள தூரத்தைப் பேக்செட் என்பார்கள். நம் ஊரில் கிடைக்கும் மார்ட்டைஸ் பூட்டுகளில் 45 மில்லிமீட்டர் பேக்செட் உள்ளவை நிறைய உண்டு. அதில் 52 மில்லிமீட்டர் விட்டமுள்ள நாபைப் போட்டால், நாபின் ஓரத்துக்கும் கதவின் விளிம்புக்கும் இடையே 19 மில்லிமீட்டர் மிஞ்சும். கதவைத் தள்ளித் திறக்கும் பக்கத்தில் நிலையின் சட்டம் கதவின் விளிம்பைச் சுமார் 10 மில்லிமீட்டர் மறைத்து நிற்கும். ஆக விரல் முட்டிக்குக் கிடைப்பது 9 மில்லிமீட்டர். திருகும்போதெல்லாம் முட்டி நிலையில் உரசும். 60 மில்லிமீட்டர் பேக்செட்டில் அதே கணக்கு 24 மில்லிமீட்டர் தருகிறது, அது போதும். லீவர் கீலை நோக்கி நீண்டு கையை நிலையிலிருந்து அப்பால் கொண்டுபோய்விடுவதால் 45 மில்லிமீட்டரிலும் தொல்லை இல்லை.

லீவருக்கும் குறைகள் உண்டு. அதன் நீளமே பூட்டின் ஸ்பிரிங்குக்குச் சுமை. நாபுக்காகச் செய்த பூட்டில் ஸ்பிரிங் மெல்லியதாக இருக்கும்; நாப் எடை சமமாகப் பரவிய உருண்டை என்பதால் அதற்கு அது போதும். அதில் கனமான லீவரைப் பூட்டினால், சில மாதங்களில் முனை கீழே தொங்கத் தொடங்கும், நாக்கும் பாதி உள்ளேயே நிற்கும். வாங்கும்போது கைப்பிடியின் வட்டத் தகட்டுக்குள்ளேயே திரும்பும் ஸ்பிரிங் இருக்கிறதா என்று கேளுங்கள். கடையில் கைப்பிடியை மட்டும் கையில் பிடித்து அழுத்திவிட்டால், அது தானாகப் பழைய இடத்துக்கு வர வேண்டும். வந்தால் ஸ்பிரிங் உள்ளது. துப்பட்டா, முந்தானை, பையின் வார் ஆகியவை லீவரின் முனையில் மாட்டி இழுப்பதும் உண்மையே. முனை கதவை நோக்கி மடங்கி, கதவுக்கு மிக அருகில் வந்து முடியும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் அது பெரிதும் குறையும். முனை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ வளைந்த அலங்கார வடிவங்களில், நான் மேலே சொன்ன பக்கம் மாற்றுதல் வளைவைக் கெடுக்காது. கழுத்துத் திருகைத் தளர்த்தித் திருப்பினால்தான் கீழ் வளைவு மேல் வளைவாகும்.

குழந்தையைப் பொறுத்தவரை லீவர் நிச்சயமாக எளிதில் திறக்கக்கூடியது. இரண்டு வயதுக் குழந்தை எட்டித் தொங்கினாலே கதவு திறந்துவிடும். இதற்காக எல்லாக் கதவுக்கும் நாப் போட்டு அம்மாவைச் சிரமப்படுத்துவது முறையாகத் தெரியவில்லை. பால்கனி, மொட்டைமாடிப் படி, சமையலறை ஆகிய, குழந்தை தனியே போகக் கூடாத கதவுகளுக்கு மட்டும் பெரியவர் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். நாபே போட்டாலும் குழந்தை இன்னும் சற்று வளர்ந்ததும் திருகக் கற்றுக்கொள்ளும். உயரத்தில் உள்ள தாழ்ப்பாள் அதற்குப் பிறகும் சில காலம் காக்கும். குளியலறைக்கு லீவரோடு, வெளிப்பக்கம் நாணயத்தால் திருகித் திறக்கக்கூடிய வெட்டுள்ள உள்தாழைக் கேட்டு வாங்குங்கள். குழந்தை உள்ளே தாழிட்டுக்கொண்டாலும், அம்மா வழுக்கி விழுந்தாலும், கதவை உடைக்காமல் திறக்க அது ஒன்றே வழி. இந்த உள்தாழின் குமிழும் வெட்டும் தனி வட்டத் தகடுகளில் வருவதாகப் பார்த்து எடுத்தால், குளியலறைக் கதவுக்கும் இடம் வலம் பார்க்க வேண்டியிராது.

பொருள் வந்ததும் ஆசாரியிடம் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு முறை சரிபாருங்கள். பூட்டைக் கதவின் விளிம்புக்கு வெளியே, அது உட்காரப்போகும் உயரத்தில் பிடித்து, கதவை மெல்ல நிலைவரை மூடிப் பாருங்கள். நாக்கின் சரிவு நிலைத் தகட்டை முதலில் சந்திக்க வேண்டும். பிறகு இரு கைப்பிடிகளையும் அந்தந்தப் பக்கத்தில் வைத்து, இரண்டும் கீலை நோக்கி நீள்கின்றனவா, திருகுத் தலைகளும் குமிழும் நீங்கள் விரும்பிய பக்கத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். பொருள் பெட்டியில் புதிதாக இருக்கும்வரை கடை மாற்றித் தரும். கதவில் திருகு இறங்கிய தடம் பட்ட கைப்பிடியை எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்வது அரிது.